40 ஈதர் கையில் இருந்தால்: சொந்த வேலிடேட்டரா, stETH-ஆ, rETH-ஆ?

வேளச்சேரியில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம், எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் நாணயமான ஈதர் 40 இருக்கிறது. 2020-இல் ஒன்று பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் இருந்தபோது வாங்கிப் போட்டவன், அதன்பிறகு தொடவே இல்லை. இப்போது கேட்கிறான்: "அண்ணா, சும்மா கிடக்கிற காசுதானே? stETH-ஆக மாற்றி வைத்தால் ஸ்டேக்கிங் வருமானமும் வரும், வேண்டும்போது விற்கவும் செய்யலாம் என்கிறார்கள். மாற்றட்டுமா?"

அவன் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஸ்டேக்கிங் என்பது ஈதரைக் கட்டிவைத்து, எத்தீரியத்தின் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டரை ஓட்டி வருமானம் பெறுவது; அந்த வேலிடேட்டரைச் சொந்தமாக நடத்தலாம். stETH அல்லது rETH போன்ற டோக்கன் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்சிடம் ஸ்டேக்கிங்குக்குக் கொடுக்கலாம். ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். இந்த நான்காவது வழியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன், காரணம் பின்னால் வரும்.

முதலில் அந்த டோக்கன் என்ன என்று பார்த்துவிடுவோம். எத்தீரியத்தில் ஒரு வேலிடேட்டர் தொடங்கக் குறைந்தது 32 ஈதரைக் கட்டிவைக்க வேண்டும். கட்டிவைத்த ஈதரை வேறு ஒருவருக்கு அனுப்ப முடியாது. வேலிடேட்டரை நிறுத்தி, வெளியேறும் வரிசையில் காத்திருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். லிடோ, ராக்கெட் பூல் போன்ற அமைப்புகள் பலருடைய ஈதரைத் திரட்டி வேலிடேட்டர்களில் கட்டிவைக்கின்றன. கொடுத்தவர் கையில், நெல் மூட்டையைக் கிடங்கில் போட்டவருக்குக் கொடுக்கும் ரசீதுபோல ஒரு டோக்கனைத் தருகின்றன. கிடங்கில் மூட்டை அசையாமல் இருக்கும், ரசீது மட்டும் கைமாறும். லிடோவின் ரசீது stETH, ராக்கெட் பூலின் ரசீது rETH.

இரண்டும் கணக்கு வைக்கும் விதம் வேறு. stETH-இல் உங்களுக்கு எழுதிவைக்கப்படுவது பங்குகள்தாம். வாலட்டில் தெரியும் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் இப்படிக் கணக்கிட்டுக் காட்டப்படுகிறது:

```
balance = shares × totalPooledEther / totalShares
```

வேலிடேட்டர்கள் சம்பாதித்தால் மொத்த ஈதர் கூடும், உங்கள் stETH-இன் எண்ணிக்கையும் தினம் ஒருமுறை சற்றே உயரும். rETH-இல் எண்ணிக்கை மாறாது, ஒரு rETH எத்தனை ஈதருக்குச் சமம் என்ற விகிதம் உயர்ந்துகொண்டே போகும். தினமும் சில்லறை வரவு வைத்து அதற்கு வருமான வரிக் கணக்கு எழுதுவது தலைவலி என்பவர்களுக்கு rETH வசதி. லிடோவிலும் wstETH என்ற பொதியப்பட்ட வடிவம் அதே போல நடந்துகொள்ளும்.

அந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது மொத்த ஈதர் என்ற எண். வேலிடேட்டர்களின் இருப்பு எவ்வளவு என்பதை லிடோவின் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்னும் நிரல் தானாகப் பார்த்து எழுதிக்கொள்வதில்லை. ஆரக்கிள் என்னும் ஒன்பது தரப்பினரில் ஐந்து பேராவது ஒரே எண்ணை அறிவித்தால் அதை ஏற்றுக்கொள்கிறது. 2025 மே மாதம் அந்த ஒன்பதில் ஒரு தரப்பின் சாவி திருட்டுப் போனது. திருடியவருக்குக் கிடைத்தது அந்த முகவரியில் கட்டணச் செலவுக்கு வைத்திருந்த ஒன்றரை ஈதருக்கும் குறைவான தொகைதான். ஐந்து பேர் வேண்டும் என்ற விதி இருந்ததால் பொய்க் கணக்கு எதுவும் ஏறவில்லை, அவசர வாக்கெடுப்பில் சாவி மாற்றப்பட்டது. அமைப்பு தாங்கியது என்பது நல்ல செய்தி. ஆனால் சொந்த வேலிடேட்டர் நடத்துகிறவருக்கு இப்படி ஒரு சாவி உலகத்தில் எங்குமே கிடையாது. அவருடைய இருப்பை எத்தீரியம் நேரடியாகக் கணக்கு வைக்கிறது. டோக்கன் வழியில் கூடுதலாகச் சேரும் ஆபத்து என்று நான் சொல்வது இந்த வகையைத்தான்.

இதைவிடத் தெளிவான உதாரணம் 2021 அக்டோபரில் வெளிவந்த ஓட்டை. லிடோ, ராக்கெட் பூல் இரண்டிலும் அது இருந்தது. கண்டுபிடித்துச் சொன்னவர் போட்டி அமைப்பான ஸ்டேக்வைஸைச் சேர்ந்தவர். எத்தீரியத்தின் வைப்புக் கான்ட்ராக்டில் ஈதரைப் போடும்போது இரண்டு விவரங்களைக் கொடுக்கிறோம்: வேலிடேட்டரின் பொதுச் சாவி ஒன்று, பணம் திரும்பிவர வேண்டிய முகவரி இன்னொன்று. ஒரு சாவிக்கு முதல் முறை பணம் போடும்போது கொடுக்கும் முகவரிதான் நிலைக்கும். அதே சாவிக்கு இரண்டாவது முறை போட்டால், அப்போது கொடுக்கும் முகவரி எதுவானாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. பணம் மட்டும் பழைய இருப்போடு சேர்ந்துவிடும்.

இப்போது இந்த அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். வேலிடேட்டரை ஓட்டுபவர் ஒருவர், ஈதர் போடுபவர் இன்னொருவர். ஓட்டுபவர் ஒரு சாவியைத் தயாரித்துக் கொடுக்கிறார். பொதுமக்களின் ஈதரை அமைப்பு அந்தச் சாவிக்குப் போடுகிறது, திரும்பிவரும் முகவரியாகத் தன்னுடையதைக் கொடுக்கிறது. அந்தப் பரிவர்த்தனை ஏறுவதற்கு ஒரு கணம் முன்னால், ஓட்டுபவரே அதே சாவிக்கு ஒரே ஒரு ஈதரைப் போட்டுத் தன் முகவரியைக் கொடுத்துவிட்டால்? அடுத்து வரும் பொதுப் பணம் முழுவதும் அவர் பெயருக்கே போய்ச் சேரும். லிடோவிலும் ராக்கெட் பூலிலும் அப்படி யாரும் செய்வதற்குள் வழி அடைக்கப்பட்டது, காசு போகவில்லை. ராக்கெட் பூல் தன் தொடக்கத்தையே தள்ளிவைத்தது.

எத்தீரியத்தில் பிழை இல்லை. வைப்புக் கான்ட்ராக்ட் எழுதப்பட்டபடிதான் நடந்தது. தன் சாவிக்குத் தானே பணம் போடும் ஒருவருக்கு இந்த விதியால் ஒரு தீங்கும் இல்லை. போடுபவரும் ஓட்டுபவரும் வேறு வேறு ஆட்களாகி, நடுவில் ஒரு கான்ட்ராக்ட் வந்து நின்றபோதுதான் அதே விதி ஓட்டையாகியது. தணிக்கை முடிந்த நிரல்களில்தான் இது இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "ஆடிட் செய்தாகிவிட்டது" என்ற வரியைப் பார்த்ததும் நிம்மதியடைகிறவர்கள் நம்மிடையே நிறைய.

காசே போன சம்பவம் வேண்டுமென்றால் 2022 டிசம்பர், அங்கர். பிஎன்பி நாணயத்தைக் கட்டிவைத்து aBNBc என்ற டோக்கனைக் கொடுத்த அமைப்பு அது. கான்ட்ராக்டை மாற்றியெழுதும் அதிகாரம் கொண்ட சாவி தவறான கைக்குப் போனது. பின்னாளில் அங்கரே, தன் முன்னாள் ஊழியர் ஒருவரின் வேலை என்று அறிவித்தது. சாவி கிடைத்தவர் கான்ட்ராக்டை மாற்றி, கணக்கில்லாமல் aBNBc அச்சடித்துச் சந்தையில் கொட்டினார். விலை ஓரிரு மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பூச்சியம். அவர் தேற்றிக்கொண்டது சுமார் 50 லட்சம் டாலர். அதோடு நிற்கவில்லை: விழுந்த விலையில் டோக்கனை வாங்கிய இன்னொருவர், பழைய விலையையே இன்னும் நம்பிக்கொண்டிருந்த ஒரு கடன் தளத்தில் அதை ஈடாக வைத்து, ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்குக் கடன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனையும் நடந்தபோது கட்டிவைக்கப்பட்ட பிஎன்பி அப்படியே இருந்தது. வேலிடேட்டர்கள் ஒழுங்காக ஓடின. கிடங்கு பத்திரம், ரசீதுப் புத்தகம்தான் போனது. ஸ்டேக்கிங் பாதுகாப்பானதா என்று மட்டும் கேட்டு முடிவெடுப்பவர் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

சரி, சொந்த வேலிடேட்டரில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மின்வெட்டு. தம்பியும் அதைத்தான் சொன்னான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மூழ்கியபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி நான்கு நாள் இயந்திரம் அணைந்து கிடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஆண்டு வருமானம் 3% என்று கொண்டால் 40 ஈதருக்கு ஒரு நாள் வரவு 0.0033 ஈதர். நான்கு நாளில் வராமல் போனது 0.013. அணைந்திருந்ததற்கு எத்தீரியம் போடும் அபராதம் அதைவிடச் சற்றுக் குறைவு, 0.01 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஈதர் இரண்டரை லட்சம் ரூபாய் என்ற முழு எண்ணை வைத்துப் பார்த்தால் மொத்த நட்டம் ஆறாயிரம் ரூபாய்க்குள். புயல் போன பிறகு இயந்திரத்தை மாடி அறைக்கு மாற்றிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது மின்வெட்டைக் கண்டு பயந்து செய்யும் காரியத்தை. "பெங்களூரில் நண்பன் வீட்டில் இன்னொரு இயந்திரம் வைத்து, அதே சாவியை அங்கேயும் போட்டுவிடுகிறேன். இங்கே போனால் அங்கே ஓடட்டும்" என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே வேலிடேட்டர் இரு வாய் பேசியதாகும், எத்தீரியம் அதைத் தண்டித்து வெளியேற்றும். 2023 ஏப்ரலில் லிடோவுக்கு வேலிடேட்டர் ஓட்டும் ஒரு நிறுவனத்தின் 11 வேலிடேட்டர்கள் தண்டனைக்குள்ளானதும் ஒரே சாவிகள் இரண்டு இடத்தில் இயங்கியதால்தான். அன்றைய விதிப்படி வேலிடேட்டருக்கு ஒரு ஈதர் ஆரம்ப அபராதம். 2025 மே மாத பெக்ட்ரா மேம்படுத்தலுக்குப் பிறகு அது இருப்பில் 4096-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பிறகு 36 நாள் பணம் நிறுத்திவைக்கப்பட்டு, அந்த நாட்களுக்கும் சிறு அபராதம் ஏறும். தனியொரு வேலிடேட்டர் மாட்டிக்கொண்டால் 40 ஈதரில் 0.1 அளவில் போகும். பல வேலிடேட்டர்கள் ஒரே சமயத்தில் தண்டிக்கப்பட்டால்தான் அபராதம் பயங்கரமாக ஏறும். வீட்டில் ஒற்றை இயந்திரம் ஓட்டுபவர் அந்தக் கூட்டத்தில் சேர்வது அரிது.

அந்தப் பெக்ட்ராவால் தம்பிக்கு இன்னொரு லாபமும் உண்டு. முன்பு 32-க்கு மேலுள்ள எட்டு ஈதர் வேலையில்லாமல் கிடக்கும். இப்போது ஒரே வேலிடேட்டரில் 2048 ஈதர் வரை சேர்க்கலாம், அதனால் 40-ஐயும் ஒன்றாகவே போட்டுவிடலாம்.

வருமானத்தை ஒப்பிட்டால் டோக்கன்தான் குறைவு. லிடோ வருமானத்தில் 10% எடுத்துக்கொள்கிறது. சொந்த வேலிடேட்டரில் ஆண்டுக்கு 1.2 ஈதர் வருமென்றால் stETH-இல் 1.08. அதிக ஆபத்துக்கு அதிக வருமானம் என்று பழகிய மனதுக்கு இது விசித்திரமாகப் படும்: ஆபத்து கூடுகிறது, வருமானம் குறைகிறது. அப்படியானால் எதற்காக வாங்குகிறார்கள்? இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை இல்லை, 32 ஈதர் தேவையில்லை, நினைத்த நேரத்தில் விற்கலாம். இந்த மூன்றுக்கும்தான் விலை கொடுக்கிறார்கள். மூன்றில் எது தனக்குத் தேவை என்று கேட்டுக்கொண்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

1.08 ஈதர் என்பது 40-இல் 2.7%. ஒரு வருடத்தில் கான்ட்ராக்ட் அடியோடு உடைந்து எல்லாம் போக நூற்றுக்கு 2.7 வாய்ப்பு இருந்தால், சராசரியில் வரவும் நட்டமும் சரியாகிவிடும். லிடோவிலும் ராக்கெட் பூலிலும் வாய்ப்பு அவ்வளவு இல்லை என்றே நான் நினைக்கிறேன். பல வருடமாகப் பெருந்தொகை உள்ளே இருந்தும் யாராலும் உடைக்க முடியவில்லை என்பது ஒரு சான்று. நேற்றுத் தொடங்கி 5% தருகிறேன் என்று வரும் டோக்கனுக்கு இந்தச் சான்று கிடையாது. அங்கே ஒன்றும் செய்யாமல் ஈதரை வைத்திருப்பதே மேல்.

"நினைத்த நேரத்தில் விற்கலாம்" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரசீதின் சந்தை விலை வேறு, அதற்குள்ள உரிமை வேறு. 2022 ஜூனில் stETH-ஐத் திருப்பிக் கொடுத்து ஈதர் வாங்கும் வசதியே தொடங்கவில்லை, விற்றால் சந்தையில்தான் விற்க வேண்டும். செல்சியஸ் என்ற கிரிப்டோ கடன் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பணத்தை நிறுத்திவைத்த அந்த வாரங்களில், அவசரமாக விற்றவர்கள் ஈதரின் மதிப்பைவிட ஐந்தாறு சதவீதம் குறைத்து விற்றார்கள். 2023 மே முதல் லிடோவிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் விலை அவ்வளவு தூரம் பிரிந்து நிற்பதில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்தால் எத்தீரியத்தின் வெளியேறும் வரிசைக்குத்தான் போகிறோம், அது 2025 செப்டம்பரில் 40 நாளைத் தாண்டியது. அந்த 40 நாள் காத்திருக்க முடியாதவர் தள்ளுபடியில் விற்பார். அவருக்கு டோக்கன் பயன்பட்டது என்றே சொல்ல வேண்டும், சொந்த வேலிடேட்டர்காரருக்கு அந்த வழியும் இல்லையே.

stETH-ஆ rETH-ஆ என்றால், நான் சிறு தொகைக்கு rETH பக்கம். அங்கே வேலிடேட்டர் ஓட்டுபவர் தன் சொந்த ஈதரையும் கட்டிவைக்க வேண்டும். முதலில் வேலிடேட்டருக்கு 16 ஆக இருந்தது, 2023-இல் 8 ஆகக் குறைக்கப்பட்டது. தண்டனை வந்தால் முதலில் கரைவது அவர் காசு. ஆனால் அதற்காகவே அதன் கான்ட்ராக்டுகளில் நுணுக்கம் அதிகம், நுணுக்கம் கூடக் கூட ஓட்டைக்கும் இடம் கூடும். சந்தையில் stETH அளவுக்கு எளிதில் விற்கவும் முடியாது. வாங்குமுன் ஈதர்ஸ்கேன் தளத்தில் rETH கான்ட்ராக்டின் `getExchangeRate` என்ற வரியைத் திறந்து பாருங்கள். அது காட்டும் நீண்ட எண்ணின் கடைசி 18 இலக்கங்களைத் தசமமாக எடுத்துக்கொண்டால் 1.14 வந்து, சந்தையில் 1.12-க்குக் கிடைத்தால் தள்ளுபடியில் வாங்குகிறீர்கள் என்று பொருள். தள்ளுபடி ஒரே நாளில் திடீரென்று விரிந்திருந்தால் வாங்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

டோக்கனுக்கு இன்னொரு பலவீனம், அது திருடக்கூடிய பொருள். வேலிடேட்டரில் உள்ள ஈதர் முன்பே குறித்துவைத்த முகவரிக்கு மட்டுமே திரும்பும், அந்த முகவரியைப் பிறகு மாற்றவே முடியாது. வேலிடேட்டரின் சாவியைத் திருடியவன் உங்களுக்குத் தண்டனை வாங்கித் தரலாம், பணத்தை எடுக்க முடியாது. டோக்கனோ ஒரு தவறான கையெழுத்தில் போய்விடும். 2023 செப்டம்பரில் போலித் தளம் ஒன்றில் அனுமதி கொடுத்த ஒருவர், தன் வாலட்டிலிருந்த stETH, rETH இரண்டையும் சேர்த்து 2.4 கோடி டாலர் மதிப்புக்கு இழந்தார். அந்த டோக்கனையே கடன் தளத்தில் ஈடு வைத்து, கடனில் மீண்டும் டோக்கன் வாங்கிச் சுற்றும் வித்தையைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. ஒரு கான்ட்ராக்டின் ஆபத்தின்மேல் இன்னொன்றை ஏற்றி, சிறு தள்ளுபடியும் ஈடு ஏலம்போகக் காரணமாகும்படி செய்துகொள்வது அது.

எக்ஸ்சேஞ்ச் வழியில் கான்ட்ராக்ட் ஆபத்து குறைவு, ஆனால் காசு அவர்கள் கையில். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டுப் போனபின், திருட்டில் சம்பந்தப்படாத நாணயம் வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் கண்ணில் ஒரு சொத்து, அதை மற்றவருக்காக நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கவும் முடியும் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் நீதிமன்றப் படியேறித்தான் வாங்க வேண்டுமென்றால் தம்பிக்கு அந்த வழி வேண்டாம்.

இனி வரி. அவன் விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிது. 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளின் லாபத்துக்கு 30% வரி, செஸ் சேர்த்து 31.2%. ஈதரைக் கொடுத்து stETH வாங்குவது ஒரு சொத்தைக் கொடுத்து வேறொன்று வாங்குவதுதான், அதைக் கைமாற்றம் என்று துறை வாதிட இடமிருக்கிறது. பதினைந்தாயிரத்துக்கு வாங்கியது இன்று இரண்டரை லட்சம் என்றால், ஒரு ஈதருக்கு லாபம் 2,35,000, வரி 73,320 ரூபாய். ஈதரின் மதிப்பில் 29 சதவீதம்! 2.7% வருமானத்துக்காக ஏறத்தாழப் பதினோரு வருட வருமானத்தை முன்கூட்டியே கட்டும் நிலை வரலாம். சொந்த வேலிடேட்டரில் ஈதர் ஈதராகவே, அவன் பெயரிலேயே இருக்கிறது, கையில் வேறு டோக்கன் வருவதில்லை. ஆடிட்டரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்காமல் அவன் stETH பக்கமே போகக் கூடாது. பழைய மலிவு நாணயம் 32-க்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவு என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். புதிதாக, இன்றைய விலையில் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் கொஞ்சம் rETH அல்லது wstETH வாங்கி ஹார்ட்வேர் வாலட்டில் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது சொந்த வேலிடேட்டர். கம்ப்யூட்டரை மே மாத வெயிலில் பார்த்துக்கொள்ளத் தன்னால் ஆகாது, ஆறு மாதம் வெளிநாட்டு வேலை வந்தாலும் வரும் என்றான். அதற்கும் வழி உண்டு: ஓட்டும் வேலையை மட்டும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்து, பணம் திரும்பும் முகவரியைத் தன் ஹார்ட்வேர் வாலட்டினுடையதாக வைத்துக்கொள்வது. அதன் பலம் 2025 செப்டம்பரில் தெரிந்தது. கில்ன் என்னும் பெரிய நிறுவனத்தின் வழியாகச் சொலானா நாணயம் திருடப்பட்டபோது, அது முன்னெச்சரிக்கையாகத் தன்னிடமிருந்த எத்தீரியம் வேலிடேட்டர்கள் அனைத்தையும் வெளியேற்றியது. அந்த மாதம் வரிசை நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிக் கட்டிவைத்திருந்தவர்களுக்குக் காத்திருப்பும் சில வார வருமானமும் போயின, ஈதர் போகவில்லை. தம்பி கையெழுத்திடும் முன் சரிபார்க்க வேண்டியது ஒன்றுதான்: வைப்புப் படிவத்தில் `withdrawal_credentials` என்ற வரியில் இருப்பது நிறுவனத்தின் முகவரி அல்ல, தன்னுடைய முகவரிதானா என்று எழுத்து எழுத்தாக.